டைரி அண்ணாச்சி

செட்டியார்பட்டியில் தறி ஓடும் தெருவில் டீக்கடை வைத்திருப்பவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். கண் பாய்லரில் இருக்கும், காது ஸ்பீக்கர் பெட்டியில் இருக்கும். பணம் வந்தால் பெட்டி பேசும். ஆனால் அதற்குள் இருக்கும் சிம்முக்கு சிக்னல் போனால் ஊமையாகிவிடும். அந்த நேரம் பார்த்து வருவதற்கென்றே ஒரு சாதி உண்டு.

அவர்களை அடையாளம் காண்பது சுலபம். டீயைப் பாதி குடிக்கும்போதே போனைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். "பெட்டி சொல்லலையா? இந்தா பாருங்க அண்ணாச்சி" என்று பச்சை டிக்கைக் கண்ணருகே காட்டி, படிப்பதற்குள் பைக்கை உதைத்துவிடுவார்கள்.

சில முறை ஏமாந்த பிறகு, வங்கியில் வேலை பார்க்கும் மருமகளிடம் போய் நின்றார். ரசீதில் UTR என்று 12 இலக்க எண் இருக்கும். யூபிஐயில் பெரும்பாலும் அதன் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் வருஷத்தில் அது எத்தனையாவது நாள் என்பது என்றாள் அவள்.

எத்தனையாவது நாள் என்று யார் எண்ணுவது? அதற்கும் வழி இருந்தது. நூல் கடை இனாமாகக் கொடுத்த டைரியில்தான் அண்ணாச்சி கடன் கணக்கு எழுதுவார். அதில் ஒவ்வொரு பக்க மூலையிலும் நாள் எண் அச்சடித்திருக்கும்.

2025 ஆகஸ்ட் 5, சாயங்காலம். நாலு டீ, ஆறு வடை, 96 ரூபாய். பெட்டி ஊமை. ஒரு தம்பி போனை நீட்டினான்.

"போனைக் கொஞ்சம் குடு தம்பி, கண்ணு சரியாத் தெரியல."

தேதி சரி, நேரம் சரி, தொகையும் சரி. எண் மட்டும் 5198 என்று தொடங்கியது. அண்ணாச்சி எச்சில் தொட்டு டைரியைப் புரட்டினார். அன்றைய பக்கத்தில் 217. பின்னால் போனால், 198 ஜூலை 17.

"போன மாசமே காசு போட்டுட்டு இன்னைக்கு டீ குடிக்க வந்தியா?"

அது பழைய ரசீது. தேதியையும் தொகையையும் மாற்றியவன் எண்ணை மறந்துவிட்டான். இன்னொரு கோளாறும் இருந்தது. நிஜ ரசீதில் வங்கிக் கணக்கில் உள்ள பெயர்தான் வரும்; இதில் போர்டில் இருக்கும் கடைப் பெயர் இருந்தது.

எண்ணையும் சரியாகப் போட்டுவரும் போலிச் செயலிகள் உண்டென்று மருமகள் சொல்லியிருக்கிறாள். அதனால் டைரி திருடனைப் பிடிக்கத்தான். காசு வந்ததா என்பதற்குத் தன் போனில் கணக்கைத் திறந்து பார்ப்பதுதான் சாட்சி. பெட்டி பேசாத எல்லோரும் திருடர்களும் இல்லை. போன வாரம் தமிழ் வாத்தியாரைப் பத்து நிமிஷம் நிற்க வைத்துவிட்டு, பணம் வந்ததும் ஒரு வடையை இனாமாக நீட்டி அசடு வழிந்தார்.

தம்பி முணுமுணுத்தபடி நூறு ரூபாய்த் தாளை எடுத்தான். அண்ணாச்சி கல்லாவைத் துழாவினார்.

"மீதி நாலு ரூவாக்குச் சில்லறை இல்ல தம்பி. ஜிபேல போட்டுட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பட்டா?"