பிள்ளை பெற அனுமதி கோரி

நம் தனியார் நிறுவனங்களில் கர்ப்பம் ஓர் ஒழுங்குமீறல். எந்த விதிப் புத்தகத்திலும் அப்படி அச்சிடவில்லை. விடுப்புக் கடிதத்தைக் கையில் வாங்கும் மேலாளரின் முகத்தில் அச்சாகியிருக்கும்.

கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் இப்படி எழுதுகிறாள் என்று வையுங்கள்: "பிரசவத் தேதி நவம்பர் 12. செப்டம்பர் 17 முதல் மார்ச் 17 வரை 26 வாரம் விடுப்பில் இருப்பேன். அந்நாட்களில் வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன். மார்ச் 18 பணிக்குத் திரும்புவேன்." பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம் என்கிறது சட்டம்; அவள் விரல்விட்டு எண்ணித்தான் தேதி போட்டிருக்கிறாள். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் என்பது 2017 திருத்தம் தந்த உரிமை. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும்.

மேலாளர் படித்துவிட்டுக் கேட்கிறார்: "மார்ச்ல கணக்கு முடிக்கணுமேம்மா, கொஞ்சம் முன்னாடியே வந்துட முடியாதா?" வருமான வரித் துறையிடம் அவகாசம் கேட்டுப் பழகிய வாய், கருப்பையிடமும் கேட்கிறது.

அடுத்தது ஹேண்ட்ஓவர். ஏழாம் தேதி டிடிஎஸ் கட்டுவது யார், இருபதாம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது யார், எந்தக் கோப்பு எங்கே என்று ஒரு பக்கத்தில் எழுதி, பக்கத்து மேசைக்காரருக்கு இரண்டு வாரம் சொல்லியும் கொடுத்துவிட்டாள். அது அவளுடைய நாணயம், சட்டம் கேட்கவில்லை. "சந்தேகம் வந்தா போன்ல கூப்பிடுவோம்" என்கிறார் மேலாளர். எம்.டி. ஒரு மாதம் அமெரிக்கா போனபோது விட்டுச்சென்ற ஹேண்ட்ஓவர், "பார்த்துக்கோங்க" என்ற ஒரே வாட்ஸ்அப் செய்தி. அவரை யாரும் கூப்பிடவில்லை.

உச்சம் இனிமேல்தான். "திரும்பி வந்து இரண்டு வருடம் வேலை செய்வேன், தவறினால் விடுப்புச் சம்பளத்தைத் திருப்பித் தருவேன்" என்று பத்திரம் நீட்டுகிறார்கள். பெற்றவளிடமே ஜாமீன்! மகப்பேற்றுச் சம்பளத்துக்கு அப்படியொரு நிபந்தனையைச் சட்டம் எங்கும் வைக்கவில்லை. விடுப்பில் இருப்பவளை அதற்காக வேலைநீக்கம் செய்வதுதான் குற்றம்.

அப்பாக்களின் கதை சுருக்கமானது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. தனியார் ஊழியனுக்குச் சட்டம் ஒரு நாளும் தரவில்லை, "குழந்தை நீங்களா பெத்தீங்க?" என்ற நகைச்சுவையை மட்டும் நிர்வாகம் இலவசமாகத் தருகிறது.

தாய்மாரே, கடிதத்தில் தேதிகளைத் தெளிவாக எழுதுங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். திரும்பும் தேதியைக் கடிதத்தில் சொல்லுங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.