கத்தரிக்கன்றைத் தின்ற மாடு: பாடக்கதையைக் கெடுக்கச் சில யோசனைகள்

ஆடி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உருத்திரபுரத்துக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு ‘வந்தேன், போனேன்’ அளவுக்குத் தமிழ் வரும். அடுத்த படியான ‘வந்திருந்தேன், போயிருந்தேன்’ என்பதைக் கதை மூலம் படிப்பித்து, தமிழே வேண்டாமென்று அவர்களை ஓடவைக்க விரும்பும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலையாக, எல்லா வினையிலும் ‘இருந்தது’ ஒட்டுங்கள். “அம்மம்மா எழும்பியிருந்தா. தேத்தண்ணி குடித்திருந்தா. இரணைமடுத் தண்ணி வாய்க்காலுக்கு வந்திருந்தது. மண்வெட்டியோடு போயிருந்தா.” எல்லாமே முன்னால் நடந்தவை. எதற்கு முன்னால் என்று மட்டும் வாய் திறக்காதீர்கள். நடந்த ஒழுங்கில் சொல்வதென்றால், ‘எழும்பி, தேத்தண்ணி குடித்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனா’ என்று வினையெச்சமே எல்லாவற்றையும் கோத்துவிடும், ‘இருந்தா’வுக்கு அங்கே வேலையில்லை. இதைப் பிள்ளைகளிடம் மறைத்துவிடுங்கள்.

கதையைப் பின்னாலிருந்து தொடங்கும் எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். நடந்தது இதுதான்: பேரன் படலையைச் சாத்தாமல் கடைக்குப் போனான், மாடு புகுந்தது, கத்தரிக்கன்றுகளைத் தின்றது, அம்மம்மா வயலால் வந்தா. இதையே புரட்டிப் பாருங்கள். “அம்மம்மா வயலால் வந்தா. முற்றத்தில் ஒரு கத்தரிக்கன்றும் இல்லை. எல்லாவற்றையும் மாடு தின்றிருந்தது. பேரன் படலையைச் சாத்தாமல் போயிருந்தான்.” ‘வந்தா’ என்ற ஒரேயொரு வெறும் இறந்தகாலம் தொடக்கத்தில் இருப்பதால், ‘தின்றிருந்தது’ம் ‘போயிருந்தான்’உம் தாமாகவே அதற்கு முந்திய நேரத்துக்குப் போய்விடுகின்றன. பிள்ளை குற்றவாளியைக் கையோடு பிடித்துவிடும். ஆகவே இப்படி எழுதவே கூடாது.

குழப்பம் இன்னும் போதாதென்றால், “மாடு வேப்பமரத்தடியில் படுத்திருந்தது” என்றொரு வரியை விளக்கமில்லாமல் செருகுங்கள். ‘தின்றிருந்தது’ என்றால் தின்று முடிந்த கதை. ‘படுத்திருந்தது’ என்றாலோ, அம்மம்மா பார்க்கும்போதும் மாடு அங்கேதான் கிடக்கிறது. உட்கார், நில், படு எல்லாம் இந்தச் சாதி. இரண்டுக்கும் ஒரே பொருளென்று நினைக்கும் பிள்ளை, படுத்தெழும்பிப் போய்விட்ட மாட்டை ஊரெல்லாம் தேடும். ‘படலை திறந்திருந்தது’ என்பதும் நல்ல கண்ணிதான். படலை திறந்து கிடந்தது தெரியும், திறந்தது யாரென்று அந்த வரி சொல்லாது.

கடைசியாகக் கேள்விகள். “மாடு என்ன நிறம்?” என்று கேளுங்கள், அதைக் கதையில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. மறந்தும் வரிகளைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, நடந்த ஒழுங்கில் அடுக்கச் சொல்லாதீர்கள். பேரன் போன துண்டை மேலேயும் அம்மம்மா வந்த துண்டை அடியிலும் பிள்ளை வைத்துவிட்டால், பாடம் விளங்கிவிட்டது. நீங்கள் தோற்றீர்கள்.