அட்வான்ஸ் கட்டும் முன் ஆறாவது எழுத்தைப் பாருங்கள்

ஈரோடு வாசகி: காசி, அயோத்தி டூருக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார்கள். நோட்டீசில் 'அரசு அங்கீகாரம் பெற்ற பிரைவேட் லிமிடெட்' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

நோட்டீசை நம்பாதீர்கள், அதில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணைப் படியுங்கள். மொத்தம் 15 இடங்கள். 33 என்று தொடங்கினால் தமிழ்நாட்டுப் பதிவு. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். முழு எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்துதான் உங்களுக்கு முக்கியம். அது C என்றால் கம்பெனி, P என்றால் தனிநபர். 'பிரைவேட் லிமிடெட்' என்று அச்சடித்துவிட்டு ஆறாவது இடத்தில் P வந்தால், அந்த எண் கம்பெனியுடையது அல்ல. தனி ஆள் டூர் நடத்துவதில் தப்பில்லை. கம்பெனி என்று சொன்னதுதான் பொய்.

அடுத்து gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் அதே எண்ணைப் போடுங்கள். லாகின் வேண்டாம். பதிவுப் பெயர், பதிவான தேதி, இப்போதைய நிலை எல்லாம் வரும். Active என்று இருக்க வேண்டும். Cancelled, Suspended என்று இருந்தால் பணம் கொடுக்காதீர்கள். 'இருபது வருட அனுபவம்' என்பவரின் பதிவு போன மாதத் தேதியில் இருந்தால், ஏன் என்று நேராகக் கேளுங்கள். C என்று வந்தால் mca.gov.in தளத்தில் கம்பெனியின் பெயரையும் தேடுங்கள். அங்கே Strike Off என்று இருந்தால் அந்தப் பெயர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது.

மதுரை வாசகர்: ஜிஎஸ்டி எண்ணே இல்லை என்கிறார். மோசடியா?

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் மாதம் நாலு பஸ் கிளப்புகிறவர் அப்படிச் சொன்னால் கணக்கு இடிக்கிறது.

திருச்சி வாசகி: 'மத்திய சுற்றுலா அமைச்சக அங்கீகாரம்' இல்லாதவர்களிடம் போகவே கூடாதா?

அந்த அங்கீகாரம் விருப்பப்பட்டவர்கள் வாங்குவது. இல்லாதவர் திருடர் அல்ல. இருப்பதாகச் சொல்பவரிடம் சான்றிதழைக் கேட்டு, முடியும் தேதியைப் பாருங்கள், அது காலவரம்புள்ளது. ஹஜ் மட்டும் வேறு. தனியார் ஹஜ் குழு நடத்த மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகத்தின் பதிவு கட்டாயம். அந்த ஆண்டுப் பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

சேலம் வாசகர்: எல்லாம் சரியாக இருக்கிறது. பணம் அனுப்பிவிடலாமா?

யுபிஐயில் தொகையை அழுத்தும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். கம்பெனி பெயருக்குப் பதில் 'எங்க மேனேஜர் அக்கவுண்ட்' வந்தால் நிறுத்துங்கள். கம்பெனிக்குக் கட்டாத பணத்தைக் கம்பெனியிடம் திருப்பிக் கேட்பது பெரும்பாடு. பதிவு சரியாக இருந்தால் ஆள் யார் என்றுதான் தெரியும். டூர் கிளம்பும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. அதனால் தேதி, ஓட்டல் பெயர், ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் ரசீதிலேயே இருக்கட்டும்.

ஏற்கெனவே ஆன்லைனில் அனுப்பி ஏமாந்திருந்தால் இந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு உண்டு.