அகராதிக்கு வேலை கிடைக்குமா?

கேள்வி: கொரிய வேலைக்கான மொழிப் பரீட்சைக்கு, பாடநூலின் 60 பாடங்களிலுமுள்ள சொற்களைத் தமிழ்க் கருத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். போதுமா? (வாசகர், சிலாவத்துறை, முசலி)

பதில்: அகராதிக்கு வேலை கிடைக்கும், உங்களுக்குக் கிடைப்பது சந்தேகம்தான். வாசிப்புப் பகுதியில் வெற்றிடம் நிரப்பும் கேள்வியும் வரும். அங்கே கருத்து மட்டும் காப்பாற்றாது. 'பாப்' சோறு, 'கொபி' கோப்பி. நமக்கு இரண்டுக்கும் 'ஐ' போதும். கொரியத்திலோ மெய்யெழுத்தில் முடியும் பாப் 'உல்' என்ற உருபை ஏற்கும்; உயிரில் முடியும் கொபிக்கு 'ருல்' வேண்டும். ஆகவே பாடத்துக்கொரு தாளில் வாக்கியங்களை எழுதி, உருபை மட்டும் விட்டுவிட்டு மறுநாள் நிரப்புங்கள். அறுபது தாளுக்கு நேரமேது என்பீர்கள். இரண்டு முறை பிழையின்றி நிரப்பிய தாளை ஒதுக்கிவிடலாம். கட்டு தானாக மெலியும். ஆனால் பரீட்சையின் கேட்டல் பகுதிக்குத் தாள் உதவாது. அதற்குப் பாடநூலின் ஒலிப்பதிவைத் தினமும் கேளுங்கள்.