கையெழுத்தா, காவலா, கணிப்பா?

கேள்வி: சி.ஏ. முடித்துவிட்டேன். பரனூர் மகிந்திரா சிட்டியில் உள்தணிக்கை, சென்னையில் புறத்தணிக்கை, வங்கியில் ரிஸ்க் என மூன்று வாய்ப்புகள். எதைப் பிடிக்கலாம்?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: முதலில் புறத்தணிக்கை. காரணம், சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடி. சத்யத்தின் ஏட்டில் ரொக்கமும் வங்கி இருப்புமாக இருந்த 5,040 கோடி ரூபாய் வெறும் கற்பனை என்று 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட பொய்யைப் பிடிக்க, தணிக்கையாளர் வங்கிக்குத் தானே கடிதம் அனுப்பி, பதிலையும் நேரே தன் கைக்கு வரவழைப்பது புறத்தணிக்கையின் பாலபாடம். கம்பெனி நீட்டும் காகிதம் சான்றாகாது. இந்தச் சந்தேகம் கையில் படிந்துவிட்டால் பிறகு பார்ட்னர், நிதித் தலைமை, மோசடி விசாரணை என எங்கும் செல்லும்.

‘உள்ளே இருப்பவருக்குத்தானே உண்மை தெரியும்?’ என்பீர்கள். தெரியும், சொல்ல முடியுமா? சத்யம் வழக்கில் 2015-ல் விசாரணை நீதிமன்றம் தண்டித்தவர்களில் புறத்தணிக்கையாளர்களோடு கம்பெனியின் உள்தணிக்கைத் தலைவரும் இருந்தார். ஆகவே சேருமுன் ஒன்று கேளுங்கள்: அறிக்கை போவது தணிக்கைக் குழுவுக்கா, நிதி இயக்குநருக்கா? குழுவுக்கு என்றால் தாராளமாகச் சேரலாம். கொள்முதல், கிடங்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் தெரிந்தவர் நிர்வாகத்துக்கே தாவுவது அங்கிருந்துதான். ரிஸ்க் வேறு ஜாதி: நடந்ததை அல்ல, திரும்பி வராத கடனை முன்கூட்டி மோப்பம் பிடிக்க வேண்டும். உச்சம் வங்கியின் தலைமை ரிஸ்க் அதிகாரி; ஆனால் அந்தப் படிக்கட்டு பெரும்பாலும் வங்கி, நிதி நிறுவனங்களுக்குள்ளேயே ஏறுகிறது.