தனித்து வந்த ஸ்டிக்கருக்கு மெய்ப்பாடு காணும் முறை

முன்னும் பின்னும் ஒரு சொல் இல்லாமல், ‘நலமா’ என்ற கேள்விகூட இல்லாமல், பல நாள் பேசாதிருந்த ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஒற்றைப் படத்தை இக்கட்டுரை ‘தனிநிலை ஸ்டிக்கர்’ என்று வழங்கும். உரையாடலின் நடுவே வருபவை, சண்டையை முடித்துவைக்க வருபவை, பதில் எழுதச் சோம்பல்பட்டு அனுப்புபவை ஆகியன இவ்வாய்வின் எல்லைக்குள் வரா. அவற்றை ஆராய்ந்து வேறு யாராவது முனைவர் பட்டம் வாங்கிக்கொள்ளட்டும்.

முதலில் பொருளின் உடம்பைப் பார்த்துவிடுவோம். வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் வந்தது 2018 அக்டோபரில். அசையும் ஸ்டிக்கர் வந்தது 2020இல். அகலமும் உயரமும் 512 பிக்சல் இருக்க வேண்டும். அசையாப் படமானால் 100 கிலோபைட்டுக்குள்ளும், அசைவதானால் 500 கிலோபைட்டுக்குள்ளும் அடங்க வேண்டும்; பத்து நொடிக்கு மேல் ஆடக் கூடாது. அதாவது, அழுவதாக இருந்தாலும் பத்து நொடிக்குள் அழுது முடித்துவிட வேண்டும் என்பது விதி. இந்தக் கட்டுப்பாடு நம் உறவினர் பலருக்கு நேரிலும் பொருந்தினால் நன்றாக இருக்கும் என்பது ஆய்வுக்கு வெளியே உள்ள கருத்து.

தனிநிலை ஸ்டிக்கரின் தனித்தன்மை படத்தில் இல்லை, அது வந்து சேரும் விதத்தில் இருக்கிறது. எழுத்தில் வரும் செய்தியைத் திறக்காமலே படித்துவிடலாம். போனின் மேல் விளிம்பில் முதல் இரண்டு வரி தெரியும்; படித்துவிட்டுப் படிக்காதவர்போல இருந்துகொள்ளலாம். பாதித் தமிழ்நாடு அப்படித்தான் இருக்கிறது. ஸ்டிக்கருக்கு அந்த வசதி இல்லை. ‘ஸ்டிக்கர்’ என்ற ஒரு சொல்தான் பெரும்பாலும் அங்கே தெரியும். சிரிக்கிறதா, அழுகிறதா, அடிக்க வருகிறதா என்று அறிய உள்ளே போயாக வேண்டும். போனால் நீலக் குறி விழும். ஆக, ஒன்றுமே சொல்லாமல் எதிராளியை வாசலுக்கு வரவழைத்து, அவர் வந்துவிட்டார் என்பதற்குச் சான்றும் வாங்கிவிடுகிறது இந்தப் படம். நீலக் குறியை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு இவ்விதி பொருந்தாது. அவர்களுக்குப் பொதுவாகவே எந்த விதியும் பொருந்துவதில்லை.

வாசலுக்கு வந்தவரின் சிக்கல் இனித்தான் தொடங்குகிறது. வந்த படத்தில் இருப்பவர் பெரும்பாலும் வடிவேலு. 2001இல் வந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ படத்தில் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியலுக்கு, 2019 மே மாதம் உலகெங்குமிருந்து ட்விட்டரில் பிரார்த்தனை செய்தார்கள் என்றால், அந்த முகம் எவ்வளவு தூரம் பயணம் செய்யக் கூடியது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் அம்முகத்தை அப்படியே நம்பக் கூடாது. படத்தில் அவர் அழுவார், பார்ப்பவன் சிரிப்பான், அனுப்பியவனோ உண்மையிலேயே அழுதுகொண்டிருக்கலாம். ஒரு படத்துக்குள் மூன்று பேர், மூன்று மனநிலை. இதில் எதற்குப் பொருந்தப் பதில் சொல்வது?

இக்கேள்விக்கு விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இது தமிழாய்வு ஆகாது. பொருளதிகாரத்தின் ஆறாவது இயலான மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, வெகுளி, அச்சம் முதலிய எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அதோடு விட்டுவிடாமல், ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணமும் சொல்கிறது. நமக்கு உதவுவது இந்தக் காரணப் பட்டியல்தான். அழுகை பிறப்பது இளிவால், இழவால், அசைவால், வறுமையால். இளிவு என்பது பிறரால் இகழப்படுவது. இழவு என்பது உறவையோ பொருளையோ இழப்பது. அசைவு என்பது முன்பிருந்த நல்ல நிலையிலிருந்து கீழே வருவது. வறுமைக்கு விளக்கம் வேண்டியதில்லை. இளம்பூரணரும் பேராசிரியரும் இதற்கு உரை எழுதியபோது வாட்ஸ்அப் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மாதக் கடைசி இருந்திருக்க வேண்டும்.

முறையை ஒரு நிகழ்வில் பொருத்திப் பார்ப்போம். அனுப்பியவர் க. என்போம், சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை. பெற்றவர் ச.; திருச்சியில் வங்கி வேலை. கல்லூரி விடுதியில் ஒரே அறை. நான்கு மாதமாகப் பேச்சில்லை. கடைசியாக இருந்தது, க.வின் பெண் குழந்தைக்குப் பிறந்தநாள் படமும் ‘வாழ்த்துகள்டா’ என்ற ச.வின் ஒற்றைச் சொல்லும். 26ஆம் தேதி, புதன்கிழமை, இரவு பத்தேகாலுக்கு க.விடமிருந்து, திண்ணையில் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்திருக்கும் வடிவேலு வந்தார்.

முகக்குறியின்படி மெய்ப்பாடு அழுகை. காரணம் நான்கில் எது? முதலில் இழவைக் கழிக்கலாம். உண்மையான சாவு வீட்டிலிருந்து யாரும் வடிவேலுவை அனுப்புவதில்லை. கிரிக்கெட்டில் தோற்பதும் இழவுதான். அன்று மேட்ச் இல்லை. போன் தொலைந்திருக்குமோ என்றால், ஸ்டிக்கர் வந்ததே அந்தப் போனிலிருந்துதான். அடுத்து வறுமை. தேதி 26 என்பதால் அவசரப்படுகிறவர்கள் இங்கேயே தீர்ப்பெழுதிவிடுவார்கள். ஆனால் கடன் கேட்க வருபவன் ‘மச்சி, ஃப்ரீயா?’ என்று எழுத்தில்தான் தொடங்குவான். சிரிப்புக் காட்டினால் தொகை குறையும் என்று அவனுக்குத் தெரியும். எனவே வறுமையும் கழிந்தது. எஞ்சியவை இளிவும் அசைவும். மேனேஜரிடம் திட்டு வாங்கியவன் மீட்டிங் முடிந்த பத்து நிமிடத்துக்குள், படிக்கட்டில் நின்றபடியே அனுப்புவான். அது சூடான அழுகை. இதுவோ சாப்பாடு முடிந்து, குழந்தை தூங்கி, வீடு அடங்கியபின் வந்தது. பகல் முழுவதும் உள்ளே வைத்திருந்து ஆறிப்போன சரக்கு. ஆக, அசைவு.

இதற்குத் துணைச்சான்றும் கிடைத்தது. ஸ்டிக்கரைத் தொடர்ந்து க.வின் பெயருக்குக் கீழே ‘டைப்பிங்’ என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. எழுதி எழுதி அழிக்கிறான் என்று பொருள். படம் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவன் இப்படிச் செய்யமாட்டான். தனிநிலை ஸ்டிக்கரின் உண்மையான பணி இங்கே வெளிப்படுகிறது. அது மனநிலையைச் சொல்ல வருவதில்லை. சொன்னால் வாங்கிக்கொள்ளும் நிலையில் இவன் இருக்கிறானா என்று பார்த்துவர அனுப்பப்படும் ஒற்றன் அது.

ஒற்றனை எப்படி வரவேற்பது? ச.வின் முன் நான்கு வழிகள் இருந்தன. ‘என்னடா ஆச்சு?’ என்று கேட்பது முதல் வழி. பெரும்பாலோர் செய்வது இதுதான். பெரும்பாலும் கெடுவதும் இதனால்தான். நேராகக் கேட்டால் ‘ஒண்ணுமில்ல மச்சி, சும்மா’ என்று பதில் வரும், கடை மூடிவிடும். விழுந்து விழுந்து சிரிக்கும் ஸ்டிக்கர் அனுப்புவது இரண்டாவது. அது படத்துக்குப் பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது. மூன்றாவது, வந்த ஸ்டிக்கரையே திருப்பி அனுப்புவது. வந்ததைத் தொட்டால் ‘ஃபேவரிட்’டில் சேர்த்துக்கொள்ளும் வசதி இருப்பதால் இதைச் செய்ய எளிது; ஆனால் ஒருவன் தன் துக்கத்தைக் காட்டும்போது அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வது முறையல்ல. நான்காவது, கவுண்டமணி. இது மிகவும் ஆபத்தானது. வடிவேலு அடி வாங்குபவர், கவுண்டமணி அடிப்பவர். வடிவேலுவுக்கு எதிரே கவுண்டமணியை நிறுத்தினால் அழுகை அக்கணமே வெகுளியாகத் திரிந்துவிடும். திட்டு வாங்கத்தான் வந்தோமோ என்று க. திரும்பிவிடுவான். நடிகரை மாற்றக் கூடாது என்பதை இவ்வாய்வு ஒரு விதியாகவே முன்மொழிகிறது.

ச. இவை நான்கையும் விட்டான். இரண்டு நிமிடம் தேடி, உடம்பெல்லாம் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடக்கும் வடிவேலுவை அனுப்பினான். இத்தேர்வின் நுட்பம் கவனிக்கத்தக்கது. அதே நடிகர், அதே மெய்ப்பாடு, ஆனால் ஒரு படி கீழே. நீ உட்கார்ந்திருக்கிறாய், நான் படுத்தே கிடக்கிறேன் என்று பொருள். ஒரு படிதான் இறங்க வேண்டும். சுடுகாட்டுப் படத்தை அனுப்பியிருந்தால் போட்டி ஆகியிருக்கும். யார் பாடு அதிக மோசம் என்று பேசத் தொடங்கினால் வந்தவன் கதை வெளியே வராது. அந்த இரண்டு நிமிடமும் வீண் அல்ல. உடனே பாய்ந்து வரும் பதில் கைவசம் எப்போதும் இருப்பது. கொஞ்சம் தேடி வருவது தனக்காக எடுக்கப்பட்டது என்று பெறுபவனுக்குத் தெரியும். அதற்காக அரைமணி தேடுவதும் கூடாது. நீலக் குறி விழுந்தபின் அரைமணி மௌனம் என்பது வேறொரு மெய்ப்பாடு.

பதிலுக்கு க. ஒரு சிரிப்பு அனுப்பினான். பிறகு எழுத்து வந்தது: ‘மச்சி, எங்க ப்ராஜெக்டை மூடிட்டாங்கடா. என்னைப் பெஞ்சுல போட்டுட்டாங்க. வீட்ல இன்னும் சொல்லல.’ போன மாதம்வரை பன்னிரண்டு பேருக்கு லீடாக இருந்தவன். பேராசிரியர் இருந்திருந்தால் அசைவுக்கு எடுத்துக்காட்டாக உரையிலேயே சேர்த்திருப்பார்.

எழுத்து வந்த நொடியில் ஸ்டிக்கரின் ஆட்சி முடிகிறது. அதற்குமேல் எவ்வளவு பொருத்தமான வடிவேலு கையில் இருந்தாலும் எடுக்கக் கூடாது. ச. எடுக்கவில்லை, போன் போட்டான்.

இம்முறைக்கு அடங்காத சில வகைகளையும் சொல்லியாக வேண்டும். மேலதிகாரியிடமிருந்து வரும் தனிநிலை ஸ்டிக்கர் முதலாவது. இரவு ஒன்பது மணிக்கு அவர் ஒரு கட்டைவிரல் உயர்த்திய கரடியை அனுப்பினால், கரடி சிரித்தாலும் பெறுபவருக்கு உண்டாவது அச்சமே. அச்சத்துக்குத் தொல்காப்பியம் காட்டும் நான்கு காரணங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கரடியும் அதிகாரியும் சேர்ந்து வருவதால் விலங்கும் இறையும் ஒரே படத்தில் அமைந்துவிட்டன. இங்கே மெய்ப்பாட்டைப் பொருத்தப் பார்ப்பது வேலைக்கு ஆபத்து. ‘சார்?’ என்று ஒரு சொல்லும் ஒரு கேள்விக்குறியும் போதும். படத்துக்குப் படம் என்று இறங்கிய இளைஞர்கள் மறுநாள் காலையில் அவர் அறை வாசலில் நின்றதுண்டு.

இரண்டாவது, அனுப்பியவருக்கே தெரியாமல் வருவது. குழந்தை கையில் போன் இருந்தால் ஒரே ஸ்டிக்கர் மூன்று நான்கு முறை அடுத்தடுத்து விழும். இல்லையென்றால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத படங்கள் வரிசையாக வரும், ஏனென்றால் கடைசியாகப் பயன்படுத்தியவை அதே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இது பெற்றோரின் அண்மைக்கால உரையாடல்களை ஊகிக்க அரிய சான்று என்றாலும், அதை ஆராய்வது நாகரிகம் ஆகாது. சில நிமிடங்களில் எல்லாம் நீக்கப்பட்டுவிடும். பார்க்காதவர்போல இருப்பதே பதில்.

மூன்றாவது, பெரியப்பா அனுப்பும் காலை வணக்க ரோஜா. பனித்துளி சொட்டும், பட்டாம்பூச்சி வந்து அமரும், மறுபடி சொட்டும், மறுபடி அமரும். ஜிஃப் என்ற கோப்பு வகை 1987இல் வந்தது. வாட்ஸ்அப்பில் அதன் பெயரால் ஓடுவது உண்மையில் ஒலியில்லாத சிறு வீடியோத் துண்டு. எட்டு மெய்ப்பாட்டில் எதிலும் இதைச் சேர்க்க முடியவில்லை. உவகையோ என்று பார்த்தால், பெரியம்மாவோடு சண்டை நடந்த அன்றும் அதே ரோஜா அதே ஆறு மணிக்கு வருகிறது. எனவே இது மனநிலை அன்று, வருகைப் பதிவேடு என்றே கொள்ள வேண்டும். இதற்குப் பொருந்தப் புதிய படம் தேடி உழைக்க வேண்டாம். கைகூப்பிய இமோஜி ஒன்று போதும், தினமும் அதையே அனுப்பலாம். ஆனால் தவறவிடக் கூடாது. இரண்டு நாள் விட்டுவிட்டால் மூன்றாம் நாள் பெரியப்பா அம்மாவுக்குப் போன் போட்டு, “பையனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்பார். அதற்குமேல் பதில் சொல்ல வேண்டியது அம்மாவுக்கு.