ஒரே விளக்கு, ஐந்து விலை: வாங்குபவரைக் குழப்புவது எப்படி?

பித்தளைக் குத்துவிளக்கை ஆன்லைனில் விற்கிறீர்கள். ஒரே லிஸ்டிங், அதற்குள் ஐந்து ஆப்ஷன். வாங்க வருகிறவர் முதல் ஆப்ஷனைத் தொட்டால் 1,490 ரூபாய், கடைசி ஆப்ஷனைத் தொட்டால் 6,490. படம் மாறவில்லை, பெயர் மாறவில்லை, விலை மட்டும் எகிறுகிறது. உடனே அவர் உங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்ப வேண்டும்: “அண்ணா, 24 இன்ச் ரேட் தப்பா போட்டிருக்கீங்களா?” இந்தக் கேள்வி நாளுக்குப் பத்து முறையாவது வந்தால்தான் வியாபாரம் சூடாக இருப்பதாக நினைப்பவர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

முதல் வேலை, எடையை மறைப்பது. பித்தளைச் சாமானின் விலை எடையில் இருக்கிறது என்பது கும்பகோணம் கடைத்தெருவில் நடந்த எவருக்கும் தெரியும். நேரில் போனால் கடைக்காரர் விளக்கைத் தூக்கித் தராசில் வைப்பார், நம் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். ஆன்லைனில் தராசு கிடையாது, கையும் கிடையாது. ஆகவே நீங்கள் உயரத்தை மட்டும் எழுதினால் போதும், குழப்பம் தானாகப் பிறக்கும். 12 அங்குலம், 18 அங்குலம், 24 அங்குலம். படிக்கிறவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார்: 12 அங்குலம் 1,490 என்றால் அதன் இரட்டிப்பு உயரம் 2,980, கொஞ்சம் கூடக் குறைய 3,000. திரையில் 6,490 என்றிருக்கும். யார் பார்த்தாலும் யாரோ நம்பரை மாற்றி அடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

உண்மை வேறு. விளக்கு உயரும்போது உயரம் மட்டும் வளர்வதில்லை. அடிப்பீடம் அகலமாகிறது, தண்டு பருக்கிறது, எண்ணெய் ஊற்றும் தட்டு விரிகிறது. நீளம், அகலம், கனம் மூன்றும் இரட்டிப்பானால் எடை எட்டு மடங்காகும். வார்ப்பில் கனம் அவ்வளவு கூடுவதில்லை என்பதால் எட்டு வரை போகாது. நம் உதாரணக் கடையில் 12 அங்குல விளக்கு 1.1 கிலோ, 24 அங்குலம் 5.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உயரம் இரண்டு மடங்கு, எடை ஐந்து மடங்கு. விலையோ நாலரை மடங்குகூட இல்லை. அதாவது வாங்குபவர் ‘தப்பு’ என்று நினைக்கும் அந்த 24 அங்குலம்தான் கிலோ கணக்கில் அவருக்கு மலிவு. இதை அவர் எக்காரணம் கொண்டும் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆப்ஷன் பெயரில் “24 அங்குலம் – 5.5 கிலோ” என்று எழுதிவிட்டால் காரியம் கெட்டது. அந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் பாதிப் பேர் கேள்வி கேட்காமலே வாங்கிவிடுவார்கள்.

அடுத்து வருவது கெட்டி, லேசு விவகாரம். இது கலைஞர்களுக்கான கட்டம். 12 அங்குலத்திலேயே இரண்டு வகை வைத்திருக்கிறீர்கள்: லேசானது 1.1 கிலோ, 1,490 ரூபாய். கெட்டியானது 2 கிலோ, 2,450 ரூபாய். இரண்டுக்கும் ஒரே உயரம், ஒரே வேலைப்பாடு, உச்சியில் ஒரே அன்னம். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வித்தியாசம் தண்டுக்குள்ளும் பீடத்துக்கு அடியிலும் இருக்கிறது. லேசானதைக் கவிழ்த்தால் பீடத்தின் உட்பக்கம் மெல்லிய கிண்ணம் போலிருக்கும், கெட்டியில் ஓரம் விரல் கனத்துக்கு நிற்கும். எனவே எப்போதும் முன்பக்கப் படத்தையே போடுங்கள். இரண்டையும் கவிழ்த்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அடிப்பக்கத்தைப் படம் எடுத்துவிடாதீர்கள். 960 ரூபாய் வித்தியாசத்தை வாய் திறக்காமல் சொல்லிவிடும் படம் அது ஒன்றுதான்.

பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. “ரெகுலர்”, “பிரீமியம்” என்று வையுங்கள். “பிரீமியம்” என்ற சொல்லைக் கேட்டதுமே மக்கள் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். “கெட்டி, 2 கிலோ” என்றால் புரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. நம் ஊர்ப் பாட்டிமார்களுக்குக் கெட்டிப் பித்தளை என்றால் விளக்கமே வேண்டாம்.

காரணத்தை எங்கே எழுதுவது என்பதிலும் நிபுணத்துவம் காட்டலாம். விலை எகிறும் இடம் ஆப்ஷன் பொத்தான். அங்கே எதுவும் எழுதாதீர்கள். போனில் பார்க்கிறவருக்கு விவரணை நாலு வரி தெரியும், மீதி “மேலும் படிக்க” என்ற சொல்லுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும். எடை, கனம், ஒன்றா ஜோடியா என்பதெல்லாம் அந்த மடிப்புக்குள் பதினேழாவது வரியில் இருக்கட்டும். முதல் நாலு வரிகளைக் காவிரி வண்டலுக்கும் தலைமுறை தலைமுறையான கைவண்ணத்துக்கும் ஒதுக்குங்கள். நாச்சியார்கோவில் விளக்குக்குப் புவிசார் குறியீடு இருப்பதைப் பெருமையோடு சொல்லுங்கள். எல்லாம் உண்மைதான், எல்லாம் அழகுதான், 2,450 ஏன் என்பதற்கு மட்டும் இவற்றில் பதில் கிடையாது.

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது, அதுவும் நன்றாகவே வேலை செய்யும். நீளமாக மன்னிப்புக் கேட்பது. “உலோக விலை, கடைசல் கூலி, பாலிஷ், பெட்டி, கூரியர், டீசல் இவற்றால் விலை கூடியுள்ளது, தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம்” என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அதுவரை எதையும் தவறாக எண்ணாதவர்கூட எண்ண ஆரம்பிப்பார். ‘உயரம் கூடினால் எடை பல மடங்கு கூடும், விலை எடைக்கு ஏற்ப’ என்ற ஒரு வரி செய்யும் வேலையைக் கெடுக்க இதைவிட நல்ல உத்தி இல்லை.

ஜோடி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாண விளக்கு ஜோடியாகத்தான் அழகு, ஆகவே படத்தில் இரண்டு வையுங்கள், விலை ஒன்றுக்குப் போடுங்கள். ஒரே ஒரு அளவுக்கு மட்டும் ஜோடி விலை போட்டால் இன்னும் சிறப்பு. பார்சல் போய்ச் சேர்ந்த அன்று மாலை தெரியும்.

“முதல்” என்ற சொல்லின் மகிமையையும் சொல்ல வேண்டும். பல தளங்களில் தேடும்போது லிஸ்டிங்கின் ஆகக் குறைந்த விலைதான் வெளியே தெரியும். ஆகவே உடைந்த அன்னத்துக்கு மாற்றாகத் தனி அன்னம் விற்பீர்களே, 250 ரூபாய், அதையும் ஆறாவது ஆப்ஷனாக உள்ளே தள்ளுங்கள். வெளியே “250 முதல்” என்று மின்னும். இரண்டரை நூறுக்குக் குத்துவிளக்கா என்று ஓடி வருவார்கள். உள்ளே வந்து 6,490-ஐப் பார்க்கும்போது அது தவறு என்றுகூட நினைக்க மாட்டார்கள், வேறொன்று நினைப்பார்கள். உதிரிப் பாகத்துக்குத் தனி லிஸ்டிங் போடுகிறவர்களுக்கு இந்தக் கூட்டம் வரவே வராது, பாவம். ஒரு ஆப்ஷனின் விலை ஏன் மாறுகிறது என்பதை நாலைந்து சொல்லில் பொத்தானிலேயே எழுத முடியவில்லை என்றால் அது ஆப்ஷனே இல்லை, வேறு பொருள் என்று அவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

இனி உயர்நிலைப் பாடம். வாங்குபவர் தவறு என்று நினைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நிஜமாகவே தவறு இருந்தால்? அதுவும் உங்கள் கண்ணுக்குப் படக் கூடாது. இதற்கு ஒரே ஒரு பழக்கத்தைத் தவிர்த்தால் போதும்: விலையை எடையால் வகுத்துப் பார்ப்பது. நம் கடையில் உலோகமும் வார்ப்பும் சேர்த்துக் கிலோவுக்கு 1,050 ரூபாய் ஆகிறது, அதற்கு மேல் ஒவ்வொரு விளக்குக்கும் கடைசல், பாலிஷ், பெட்டி என்று ஒரு தொகை. லேசான 12 அங்குலம் கிலோவுக்கு ஏறத்தாழ 1,355 ரூபாய் வரும். 12 அங்குலக் கெட்டி 1,225. 2.6 கிலோ எடையுள்ள லேசான 18 அங்குலம் 3,190 ரூபாய், கிலோவுக்கு 1,227. 24 அங்குலம் 1,180. சின்ன விளக்கில் கிலோ விலை கூடுதலாக நிற்பதும் தவறில்லை. அதையும் கடைசலில் பூட்டி, தேய்த்து, பெட்டியில் வைத்தாக வேண்டும், அந்தக் கூலியைச் சுமக்க அதில் உலோகம் குறைவு.

ஐந்தாவதாக 18 அங்குலக் கெட்டி, 4.2 கிலோ. விலை 4,870 இருக்க வேண்டும், கிலோவுக்கு 1,160 வரும். எக்செல் தாளில் யாரோ 3,870 என்று அடித்திருக்கிறார்கள். 3,190-க்கும் 6,490-க்கும் நடுவில் 3,870 எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ஏறுவரிசை கெடவில்லை, யாருக்கும் சந்தேகம் வராது. வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 921. உலோகச் செலவான 1,050-க்கே கீழே போய்விட்டது. ஒரு விளக்கு விற்றால் கைக்காசு 540 ரூபாய் உலோகத்திலேயே போகும், கூலி தனி. தாளில் ‘கிலோ விலை’ என்று ஒரு பத்தி கூடுதலாக வைத்திருந்தால் ஐந்து எண்ணில் ஒன்று மட்டும் பள்ளத்தில் கிடப்பது தெரிந்திருக்கும். நீங்கள்தான் வைக்கவில்லையே. ஆக, எது தவறு இல்லையோ அதைத் தவறு என்று கேட்பார்கள், எது தவறோ அதை நாலு நாலாக ஆர்டர் போடுவார்கள்.

உலோக விலை ஏறும்போது இதே வித்தையை வேறு விதமாகச் செய்யலாம். அதிகம் விற்கும் 12 அங்குலத்துக்கு மட்டும் விலையை ஏற்றிவிட்டு மற்றதைப் பழைய விலையிலேயே விட்டுவிடுங்கள். ஒரு மாதத்தில் சின்னக் கெட்டியும் பெரிய லேசும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்து நிற்கும்.

கடைசியாக, 3,870-க்கு ஆர்டர் போட்டவரைச் சமாளிக்கும் முறை. கௌரவமான கடைக்காரர்கள் வந்த ஆர்டரை அந்த விலைக்கே அனுப்பிவிட்டு, எண்ணைத் திருத்திவிட்டு, வாயை மூடிக்கொள்வார்கள். நீங்கள் ஆர்டரை ரத்து செய்து, “சிஸ்டம் தப்பு மேடம், சாரி” என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பதில் ஐந்து நிமிடத்தில் வரும்:

“சரிங்க. அப்போ அந்த 6,490-ம் சிஸ்டம் தப்புதானே? அதைச் சரிபண்ணிட்டுச் சொல்லுங்க, ரெண்டு எடுத்துக்கறேன்.”